ஓசி என்ற சொல்லுக்கு எந்தக் கட்டம்?

சமூக ஆய்வு செய்யப் பழக வருகிறவர்களுக்கு முதல் நாள் நான் பாடம் நடத்துவதில்லை. எட்டுத் துண்டுச் சீட்டுகளைக் கையில் கொடுத்து, ஒன்றோடொன்று ஒத்துப்போகிறவற்றைச் சேர்த்து அடுக்குங்கள் என்பேன். 2021 மே 8 முதல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணம் இல்லாமல் போய்வருகிறார்கள். அதைப் பற்றி மதுரைப் பக்கத்துப் பெண்கள் பேசுவதுபோல எழுதிய சீட்டுகள் அவை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இவை எந்த ஆய்விலிருந்தும் எடுத்தவை அல்ல, பயிற்சிக்காக நானே எழுதியவை. ஆனாலும் பேருந்து நிலையத்தில் அரை மணி நேரம் நின்றால் இதில் பாதியாவது காதில் விழும்.

நே1, வீட்டு வேலை செய்பவர்: "முன்னாடி ஒரு நாளைக்கு முப்பது ரூவா பஸ்ஸுக்கே போயிரும். இப்ப அந்தக் காசுல பிள்ளைகளுக்கு ஏதாச்சும் வாங்கிட்டுப் போறேன்."

நே2, துணிக்கடையில் வேலை: "பஸ்ஸுக்குக் காசு குடுங்கன்னு அவர்கிட்ட கேக்க வேண்டியதில்ல. கேட்டா எங்க போற, எதுக்குப் போறன்னு நூறு கேள்வி."

நே3, அறுபது வயதைத் தாண்டியவர்: "மகன்கிட்ட கை நீட்டாம ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாறேன். முன்னாடி முடியாமப் போனாத்தான் போவேன், இப்ப தேதி தவறுறதில்ல."

நே4, கட்டட வேலை: "ஓசி டிக்கெட்டுதானேன்னு ஒரு மாதிரி பாக்குறாக. காசு குடுத்துப் போனப்ப யாரும் அப்படிப் பாத்ததில்ல."

நே5, கல்லூரி மாணவி: "பிங்க் பஸ் வர்ற வரைக்கும் நிப்போம். காசு மிச்சந்தான், ஆனா முதல் பீரியடு போயிரும்."

நே6, பூக்கட்டி விற்பவர்: "ரெண்டு பஸ் மாறினாலும் காசு இல்லேல்ல, அதனால இப்ப மாட்டுத்தாவணிக்கே போயி பூ எடுக்குறேன். முன்னாடி பக்கத்துத் தெரு ஆளு சொன்னதுதான் விலை."

நே7, இல்லத்தரசி: "அம்மா வீட்டுக்கு வருசத்துல ரெண்டு தடவ போனாப் பெரிசு. இப்ப மனசு சரியில்லன்னா பஸ்ல ஏறி உக்காந்துருவேன்."

நே8, இல்லத்தரசி: "பஸ் காசுதான் மிச்சமாகுதேன்னு வீட்டுச் செலவுக்குக் குடுக்குறதுல முந்நூறக் கொறச்சுட்டாரு."

பத்து நிமிடத்தில் அடுக்கிவிடுவார்கள். பெரும்பாலும் மூன்று அடுக்கு வரும். முதல் அடுக்குக்குப் பெயர் 'பொருளாதாரப் பயன்கள்'. அதில் 1, 3, 6. இரண்டாவது 'சமூகப் பயன்கள்'. அதில் 2, 7. மூன்றாவது 'சிரமங்கள்'. அதில் 4, 5, 8. மூன்று கருப்பொருள், எட்டு மேற்கோள், அட்டவணை தயார். இதைத் தட்டச்சு செய்து ஆய்வேட்டில் ஒட்டினால் நம் ஊரில் பல இடங்களில் கேள்வி கேட்காமல் தேறிவிடும். அதுதான் எனக்குக் கவலை.

இந்த மூன்று தலைப்புகளையும், ஒரு பெண்கூட வாய் திறப்பதற்கு முன்பே எழுதி வைத்திருக்கலாம். ரேஷன் அரிசிக்கும் இவை பொருந்தும், இலவச சைக்கிளுக்கும் பொருந்தும், காப்பீட்டு அட்டைக்கும் பொருந்தும். அப்படியானால் பேருந்தைப் பற்றி அந்தப் பெண்கள் சொன்ன எதுவும் தலைப்பில் ஏறவில்லை என்று ஆகிறது. இன்னொன்றும் பாருங்கள். பேருந்து தாமதமாக வருவதும், கணவர் வீட்டுச் செலவுப் பணத்தைக் குறைப்பதும் 'சிரமங்கள்' என்ற ஒரே கட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. முதலாவதைப் போக்குவரத்துக் கழகம் சரிசெய்யலாம். இரண்டாவதை எந்தக் கழகம் சரிசெய்யும்?

நேர்காணல் ஆய்வின் அட்டவணை எப்படி உருவாக வேண்டும் என்பதை இந்த எட்டுச் சீட்டுகளை வைத்தே பார்க்கலாம்.

வேலை பேச்சை எழுத்தாக்குவதில் தொடங்குகிறது. ஒரு மணி நேர ஒலிப்பதிவைச் சொல்லுக்குச் சொல் எழுத நான்கிலிருந்து ஆறு மணி நேரமாவது பிடிக்கும். தமிழில் இதற்கு ஒரு கூடுதல் சோதனை உண்டு. எழுதுகிறவருக்குப் பேச்சைத் 'திருத்த'க் கை பரபரக்கும். நே3 சொன்ன "கை நீட்டாம" என்பதை "பணம் கேட்காமல்" என்று எழுதிவிடுவார். பொருள் ஒன்றுதானே என்று தோன்றும். இல்லை. கேட்பது என்றால் வெறும் கேட்பது. கை நீட்டுவதில் கூச்சம் இருக்கிறது, வளர்த்த பிள்ளையிடம் நிற்கிற வயதான தாயின் நிலை இருக்கிறது. எழுத்துத் தமிழுக்கு மாற்றிய அந்த ஒரு நொடியில் அவர் சொன்னதில் முக்கியமானது போய்விட்டது. பிறகு எவ்வளவு நல்ல அட்டவணை போட்டாலும் அது திரும்பி வராது. ஆகவே பேச்சு பேச்சாகவே இருக்கட்டும். பக்கத்தில் வரி எண் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். பின்னால் இந்த வரி எண்தான் உங்களைக் காப்பாற்றும்.

அடுத்தது வெட்டுவது. முழு நேர்காணலிலிருந்து எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் முடிக்கிறோம் என்பதிலேயே பாதி ஆய்வு முடிந்துவிடுகிறது என்று நான் நினைக்கிறேன். நே5 சொன்னதில் "காசு மிச்சந்தான்" என்பதோடு நிறுத்தினால் அந்த மாணவி திட்டத்தைப் புகழ்கிறாள். "முதல் பீரியடு போயிரும்" என்பதை மட்டும் எடுத்தால் குறை சொல்கிறாள். அவள் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள். காசையும் நேரத்தையும் இரண்டு தட்டில் வைத்துப் பார்த்தாள். அந்தத் 'ஆனா'வைத் தாண்டி வெட்டக் கூடாது. இப்படி வெட்டுவது பெரும்பாலும் ஏமாற்று எண்ணத்தில் நடப்பதில்லை. கட்டம் சின்னது, வாக்கியம் பெரியது, அவ்வளவுதான். கட்டத்தைப் பெரிதாக்குங்கள் என்பதே என் பதில். ஒரு துண்டு, தனியாக எடுத்து இன்னொருவரிடம் வாசித்துக் காட்டினால் புரியும் அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும். யார், எதைப் பற்றி என்பது தெரியவில்லை என்றால், முந்தைய கேள்வியையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

இப்போது ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் பெயர் எழுதுகிறோம். இதைத்தான் கோட், குறியீடு என்கிறார்கள். குறியீடு என்றவுடன் எண்ணோ எழுத்தோ என்று பயப்பட வேண்டாம். இந்தத் துண்டில் என்ன நடக்கிறது என்பதை நான்கைந்து சொல்லில் எழுதுவது, அவ்வளவே. நே1-க்குப் பெரும்பாலோர் 'சேமிப்பு' என்று எழுதுவார்கள். நான் அவர்களிடம், அந்த அம்மா சேமிக்கிறாரா என்று கேட்பேன். சேமிக்கவில்லை, செலவழிக்கிறார். பிள்ளைகளுக்கு வாங்கிப் போகிறார். எவ்வளவு, என்ன வாங்க என்பதைத் தானே முடிவு செய்கிறார். ஆகவே 'மிச்சக் காசைத் தன் விருப்பப்படி செலவிடுதல்' என்பது அவர் சொன்னதற்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. வினை இல்லாத ஒற்றைச் சொல்லைக் குறியீடாக வைத்தால் அது எல்லாவற்றையும் விழுங்கிவிடும். 'சேமிப்பு' என்ற கட்டத்துக்குள் எட்டில் ஆறு சீட்டைப் போடலாம். போட்ட பிறகு உங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

சில இடங்களில் நாம் பெயர் தேடவே வேண்டியதில்லை, பேசியவரே கொடுத்துவிடுவார். நே4-இன் 'ஓசி' அப்படிப்பட்ட சொல். வகுப்பில் இந்தச் சீட்டுக்கு 'பாகுபாடு' என்றும் 'சமூகக் களங்கம்' என்றும் கனமான பெயர்கள் வரும். ஆனால் அந்தச் சொல்லை யார் சொன்னார்கள்? "ஓசி டிக்கெட்டுதானேன்னு ஒரு மாதிரி பாக்குறாக" என்கிறார். யாரும் வாய்விட்டுச் சொன்னதாக அவர் சொல்லவில்லை. பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கு 'ஓசி' என்று அவரே பொருள் சொல்லிக்கொண்டார். பாகுபாடு என்று எழுதினால், நடத்துநரோ சக பயணியோ ஏதோ செய்ததாக ஆகிவிடுகிறது. 'ஓசி என்ற பார்வை' என்று எழுதினால் அவர் சொன்னது சொன்னபடி நிற்கிறது. பேசியவரின் சொல்லையே குறியீடாக்கும் இந்தப் பழக்கம், 1967-இல் பார்னி கிளேசரும் ஆன்செல்ம் ஸ்ட்ராஸும் களத்திலிருந்தே கோட்பாட்டை எழுப்பும் முறையைப் புத்தகமாக எழுதிய காலத்திலிருந்து தொடரும் வழியைச் சேர்ந்தது. மருத்துவமனைகளில் சாகக் கிடப்பவர்களையும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களையும் கவனித்து ஆய்வு செய்தவர்கள் அவர்கள். கையில் ஒரு கோட்பாட்டை எடுத்துக்கொண்டு போய் அதற்குச் சான்று பொறுக்குவதை அவர்கள் ஏற்கவில்லை.

அட்டவணை என்கிற பொருளைப் பற்றிச் சற்று. எக்செல் போதும். ஒரு வரிசையில் ஒரு துண்டுதான் இருக்க வேண்டும். நெடுவரிசைகள் இப்படி: நேர்காணல் எண், வரி எண், பேசியவரைப் பற்றி இரண்டு சொல், துண்டு, குறியீடு, துணைக் கருப்பொருள், கருப்பொருள், கடைசியாக என் குறிப்பு. இதில் முதல் ஐந்தை நிரப்பும்போது ஆறும் ஏழும் காலியாகவே கிடக்கட்டும். பாடநூலில் அச்சான அட்டவணையில் கருப்பொருள் இடப்பக்கம் இருக்கும், மேற்கோள் வலப்பக்கம் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு இடப்பக்கத்திலிருந்து நிரப்பத் தொடங்குகிறவர்கள்தான் அந்த மூன்று அடுக்கில் போய் விழுகிறார்கள். வாசிக்கிறவர் கருப்பொருளிலிருந்து மேற்கோளுக்கு வருகிறார். செய்கிறவர் மேற்கோளிலிருந்து கருப்பொருளுக்குப் போக வேண்டும்.

அழகுக்காகக் கட்டங்களை ஒன்றாக இணைக்காதீர்கள். இணைத்த கட்டம் இருக்கும் தாளை எக்செல் ஒழுங்காக வரிசைப்படுத்தாது. இரவு பதினோரு மணிக்கு, நேர்காணல் எண் ஒரு பக்கம் துண்டு ஒரு பக்கம் என்று கலைந்து கிடந்த தாளோடு ஒரு மாணவி என்னைக் கூப்பிட்டிருக்கிறார். வரி எண் போட்டு வைத்திருந்ததால் இரண்டு நாளில் மீட்டார். ஒரே துண்டுக்கு இரண்டு குறியீடு பொருந்தினால் அந்தத் துண்டை இரண்டு வரிசையில் எழுதுங்கள், அதே எண்ணோடு. நே3 அப்படித்தான். முதல் வாக்கியம் மகனிடம் கை நீட்டாததைப் பற்றியது. இரண்டாவது, மருத்துவமனைக்குத் தேதி தவறாமல் போவதைப் பற்றியது. இரண்டும் வேறு வேறு இடத்துக்குப் போகப்போகிறவை.

பெரிய ஆய்வு என்றால் மென்பொருள்கள் உண்டு. மெல்பர்னில் லா ட்ரோப் பல்கலைக்கழகத்தில் லின் ரிச்சர்ட்ஸ், டாம் ரிச்சர்ட்ஸ் தம்பதியர் 1981-இல் தொடங்கி வைத்த நிரலின் வழியில் வந்ததுதான் இன்றைய என்விவோ. துண்டுகளைத் தேடி எடுக்க அது வசதி. எட்டுச் சீட்டுக்கோ பன்னிரண்டு நேர்காணலுக்கோ அது வேண்டியதில்லை, எக்செல்லும் தரையும் போதும். தரை என்று விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குறியீடுகளைத் தனித்தனிச் சீட்டில் எழுதித் தரையில் பரப்பி நகர்த்திப் பார்க்கும்போது கண்ணுக்குப் படுவது திரையில் படுவதில்லை.

பரப்பிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். 'காசு கேட்கத் தேவையில்லை, கேள்வியும் இல்லை' என்ற நே2-வின் குறியீடும், 'மகனிடம் கை நீட்டாமை' என்ற நே3-வின் குறியீடும் பக்கத்தில் வருகின்றன. 'நினைத்த போது கிளம்புதல்' என்ற நே7-ம் அருகில் வருகிறது. மூன்றிலும் என்ன ஒற்றுமை? காசு அல்ல. நே7 காசு என்ற சொல்லையே சொல்லவில்லை. மூவரும் ஓரிடத்துக்குப் போவதற்கு முன்னால் இன்னொருவரைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. அந்த இன்னொருவர் இப்போது வழியில் இல்லை. இதை ஒரு வாக்கியமாக எழுதிப் பார்க்கிறோம்: 'யாரிடமும் கேட்காமல் கிளம்ப முடிகிறது.' இதுதான் கருப்பொருள். கணவரிடம் விளக்கம் சொல்லாமல், பிள்ளையிடம் கை நீட்டாமல், முன்கூட்டித் திட்டமிடாமல் என்பவை அதன் கீழே துணைக் கருப்பொருள்கள்.

பழைய தலைப்பான 'சமூகப் பயன்கள்' என்பதோடு இதை ஒப்பிடுங்கள். அது ஒரு பெட்டியின் பெயர். இது ஒரு கூற்று. கூற்று என்றால் மறுக்கலாம். அது உண்மையா என்று மற்ற நேர்காணல்களில் தேடலாம். வர்ஜீனியா பிரவுனும் விக்டோரியா கிளார்க்கும் 2006-இல் எழுதிய கட்டுரை இத்துறையில் மிக அதிகமாக எடுத்தாளப்படுவது. கருப்பொருள்கள் தரவுக்குள் புதைந்து கிடந்து தாமாக முளைத்து வருபவை அல்ல, ஆய்வாளரே அவற்றை ஆக்குகிறார் என்று அதில் வற்புறுத்தினார்கள். கேள்வித்தாளில் இருந்த தலைப்புகளையே கருப்பொருள் என்று திருப்பிக் கொடுப்பதைப் பிற்காலத்தில் கண்டித்தும் எழுதினார்கள். ஆய்வேடுகளில் 'பின்வரும் கருப்பொருள்கள் வெளிப்பட்டன' என்று எழுதுவது நம்மிடம் ஒரு சடங்காகிவிட்டது. எதுவும் தானாக வெளிப்படவில்லை, நீங்கள் தரையில் உட்கார்ந்து மூன்று சீட்டைப் பக்கத்தில் வைத்தீர்கள். அதை ஒப்புக்கொள்வதில் என்ன குறைச்சல்?

நே4, நே5 இரண்டும் இன்னொரு பக்கம் சேர்கின்றன. ஒருத்தி நேரத்தைக் கொடுக்கிறாள், ஒருவர் மரியாதையைக் கொடுக்கிறார். 'கட்டணம் வேறு வழியில் வசூலாகிறது' என்று எழுதலாம். எழுதி முடித்தவுடன் எனக்கே கொஞ்சம் சந்தேகம் வரும். இது அந்தப் பெண்கள் சொன்னதா, அல்லது சொல்லழகுக்காக நான் ஒட்டியதா? நே5 உண்மையிலேயே இரண்டையும் எடை போட்டாள். நே4-ம் காசு கொடுத்த காலத்தோடு ஒப்பிட்டார். இருவரிடமும் ஒப்பீடு இருக்கிறது, அதனால் நிற்கும் என்று படுகிறது. அந்தச் சந்தேகத்தையும் குறிப்பு நெடுவரிசையில் தேதியோடு எழுதிவைக்கிறேன். ஆறு மாதம் கழித்து வாய்மொழித் தேர்வில் கேட்டால் சொல்வதற்கு.

நே8-ஐ இதுவரை தொடவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். இது எங்கே போகும்?

சிலர் 'சிரமங்கள்' என்பார்கள், அதைக் கலைத்துவிட்டோம். சிலர் இதை விட்டுவிடலாம், ஒருவர்தானே சொல்லியிருக்கிறார் என்பார்கள். ஒத்துவராத துண்டுதான் அட்டவணையைச் சோதிக்கிற துண்டு, அதைத்தான் விடக் கூடாது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி நே1-க்குப் போங்கள். முப்பது ரூபாய் அவர் கையில் நின்றது, பிள்ளைகளுக்கு வாங்கினார். நே8-க்கும் காசு மிச்சமானது, ஆனால் அவர் கைக்கு வரவில்லை. வீட்டுச் செலவுப் பணத்தில் முந்நூறு குறைந்தபோது மிச்சம் கணவரின் சட்டைப் பைக்குப் போய்விட்டது. அரசு கொடுத்த சலுகை ஒன்றே. ஒரு வீட்டில் அது பெண்ணிடம் நின்றது, இன்னொரு வீட்டில் ஆணிடம் போனது. அப்படியானால் நே1 சொல்வதும் நே8 சொல்வதும் எதிரெதிரான இரண்டு செய்திகள் அல்ல, ஒரே கேள்விக்கு வந்த இரண்டு விடைகள். 'மிச்சமான காசு யாருடையது என்பது வீட்டுக்குள் முடிவாகிறது' என்று மூன்றாவது கருப்பொருள் பிறக்கிறது. முதல் அட்டவணையில் ஒருவர் 'பயன்' கட்டத்திலும் மற்றவர் 'சிரமம்' கட்டத்திலும் இருந்தார்கள். அவர்கள் இருவரையும் சேர்த்துப் பார்க்க அந்த அட்டவணையில் வழியே இல்லை.

இத்தோடும் முடியவில்லை. இப்போது நே1-இன் முழு எழுத்துப்படிக்குத் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். அவர் வீட்டில் வரவு செலவு யார் கையில்? அவர் தனியாகச் சம்பாதிக்கிறவர், நே8 இல்லத்தரசி. வேறுபாடு அங்கிருந்து வருகிறதா? அது தெரிய, நே2-வின் பதிவையும் நே7-இன் பதிவையும் இதே கேள்வியோடு மறுபடி படிக்க வேண்டும். புதுக் கருப்பொருள் ஒன்று வந்தால் பழைய எழுத்துப்படிகள் எல்லாவற்றையும் திரும்பப் படிக்க வேண்டியிருக்கும். இந்த வேலையில் மனிதர்கள் சோர்ந்துபோகிற இடம் இதுதான்.

நே6-ம், நே3-வின் இரண்டாவது பாதியும் மிஞ்சுகின்றன. பூ எடுக்க மாட்டுத்தாவணி வரை போவதும், மருத்துவமனைக்குத் தேதி தவறாமல் போவதும். செலவை நினைத்து விட்டுவைத்திருந்த பயணங்கள் இவை என்று சேர்க்கலாம். ஆனால் பூக்காரம்மாவின் பேச்சில் இன்னொன்றும் இருக்கிறது: பக்கத்துத் தெரு வியாபாரியின் பிடி விட்டுப்போனது. அது முதல் கருப்பொருளுக்கும் கொஞ்சம் பக்கம். எட்டுச் சீட்டை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது. 'இடம் முடிவாகவில்லை' என்று எழுதி ஒரு வரிசையில் நிறுத்திவைப்பதே நேர்மை. எல்லாத் துண்டும் கச்சிதமாக அடங்கிய அட்டவணையைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது.

இப்போது அச்சுக்குப் போகிற வடிவத்தில்:

| கருப்பொருள் | துணைக் கருப்பொருள் | சான்றுத் துண்டு |
|---|---|---|
| யாரிடமும் கேட்காமல் கிளம்ப முடிகிறது | கணவரிடம் விளக்கம் சொல்லாமல் | "கேட்டா எங்க போற, எதுக்குப் போறன்னு நூறு கேள்வி." (நே2) |
| | பிள்ளையிடம் கை நீட்டாமல் | "மகன்கிட்ட கை நீட்டாம ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாறேன்." (நே3) |
| | முன்கூட்டித் திட்டமிடாமல் | "மனசு சரியில்லன்னா பஸ்ல ஏறி உக்காந்துருவேன்." (நே7) |
| மிச்சமான காசு யாருடையது என்பது வீட்டுக்குள் முடிவாகிறது | பெண்ணின் கையில் நிற்பது | "அந்தக் காசுல பிள்ளைகளுக்கு ஏதாச்சும் வாங்கிட்டுப் போறேன்." (நே1) |
| | செலவுப் பணத்தில் கழிக்கப்படுவது | "வீட்டுச் செலவுக்குக் குடுக்குறதுல முந்நூறக் கொறச்சுட்டாரு." (நே8) |
| கட்டணம் வேறு வழியில் வசூலாகிறது | நேரமாக | "காசு மிச்சந்தான், ஆனா முதல் பீரியடு போயிரும்." (நே5) |
| | 'ஓசி' என்ற பார்வையாக | "காசு குடுத்துப் போனப்ப யாரும் அப்படிப் பாத்ததில்ல." (நே4) |
| இடம் முடிவாகவில்லை | விட்டுவைத்திருந்த பயணங்கள் | "இப்ப மாட்டுத்தாவணிக்கே போயி பூ எடுக்குறேன்." (நே6) |

கண்ணுள்ளவர்கள் ஒரு குறையைப் பிடித்திருப்பார்கள். ஒவ்வொரு துணைக் கருப்பொருளுக்கும் ஒரே ஒருவர்தான் சாட்சி. பயிற்சிக்கு இது போதும், ஆய்வுக்குப் போதாது. உண்மையான ஆய்வில் ஒவ்வொரு துணைக் கருப்பொருளின் கீழும் எத்தனை மேற்கோள் என்று எண்ணுவதைவிட எத்தனை பேர் என்று எண்ண வேண்டும். ஒரு கருப்பொருளில் பதினைந்து துண்டு இருக்கும். நேர்காணல் எண்ணைப் பார்த்தால் பத்துத் துண்டு ஒரே ஆளுடையது. நன்றாகப் பேசத் தெரிந்தவர், ஆய்வாளருக்குப் பிடித்துப்போனவர். எக்செல்லில் நேர்காணல் எண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் ஒரு நிமிடத்தில் இது தெரிந்துவிடும். அதே சமயம் அந்த எண்ணிக்கையை விழுக்காடாக்கிவிடாதீர்கள். பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் சொன்னதை 42 விழுக்காடு பெண்கள் என்று எழுதினால், தமிழ்நாட்டுப் பெண்களையே எண்ணிப் பார்த்ததுபோல ஆகிவிடும். அவர்களை நாம் குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை.

பன்னிரண்டு என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கும் ஒரு காரணம் உண்டு. கிரெக் கெஸ்ட்டும் அவரோடு சேர்ந்தவர்களும் கானாவிலும் நைஜீரியாவிலும் பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களை ஆறு ஆறாகக் குறியீடு செய்து பார்த்து, 2006-இல் எழுதினார்கள். பெரும்பாலான குறியீடுகள் முதல் பன்னிரண்டுக்குள்ளேயே வந்துவிட்டிருந்தன. அதன் பிறகு புதிதாக வந்தவை குறைவு. இதைப் பிடித்துக்கொண்டு எல்லா ஆய்வுக்கும் பன்னிரண்டு போதும் என்று சொல்கிறவர்கள், ஒத்த நிலையில் உள்ளவர்களிடம் ஒரே மாதிரி கேள்விகளைக் கேட்ட ஆய்வு அது என்பதை விட்டுவிடுகிறார்கள். மாணவியும் கட்டடத் தொழிலாளியும் அறுபதைத் தாண்டிய அம்மாவும் கலந்த நம் பட்டியலுக்குப் பன்னிரண்டு போதாது.

இன்னொருவரையும் உட்கார வைத்துப் பார்ப்பது நல்லது. ஒரே நேர்காணலை இருவர் தனித்தனியாகக் குறியீடு செய்து ஒப்பிடுவது. ஒத்துப்போகும் அளவை எண்ணாகச் சொல்ல, ஜேகப் கோஹென் 1960-இல் கொடுத்த காப்பா என்ற அளவைச் சிலர் கேட்பார்கள். பிரவுனும் கிளார்க்கும் அது தங்கள் முறைக்குப் பொருந்தாது என்பார்கள். எனக்கு அந்த எண்ணில் அவ்வளவு ஆர்வம் இல்லை. நே4-க்கு ஒருவர் 'பாகுபாடு' என்றும் இன்னொருவர் 'ஓசி என்ற பார்வை' என்றும் எழுதி, ஏன் என்று வாதாடும் அரை மணி நேரம்தான் எனக்கு வேண்டும். அந்த வாதத்தின் முடிவைக் குறியீட்டு ஏட்டில் எழுதிவைத்தால் போதும்: இந்தக் குறியீட்டுக்குள் எது வரும், எது வராது, ஓர் எடுத்துக்காட்டு.

அச்சுக்கு முன் ஒரு முறை, பேசியவர் யார் என்று ஊர்க்காரர்கள் கண்டுபிடித்துவிட முடியுமா என்று பாருங்கள். பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். ஒரு கிராமத்தில் மாட்டுத்தாவணிக்குப் போய்ப் பூ எடுக்கிறவர் ஒரே ஒருவராக இருக்கலாம். நே8-இன் கணவர் இந்த அட்டவணையைப் படித்தால் என்ன ஆகும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். தேவைப்பட்டால் தொழிலை மாற்றாமல் பொதுவாக்குங்கள்: பூக்காரர் என்பதற்குப் பதில் சிறு வியாபாரி. எண்ணுக்கும் பெயருக்கும் உள்ள பட்டியல் வேறு கோப்பில், கடவுச்சொல் போட்டு இருக்கட்டும்.

கடைசியாக, ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதுகிறவர்களுக்கும் அவர்களின் வழிகாட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள். எழுத்துப்படியை முதலில் ஆங்கிலமாக்கிவிட்டு, அந்த ஆங்கிலத்தில் குறியீடு செய்கிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். 'கை நீட்டாம' என்பதையும் 'கேக்க வேண்டியதில்ல' என்பதையும் அங்கே ஒரே சொல்லால் எழுதிவிடுவார்கள். 'ஓசி' வெறும் இலவசமாகிவிடும், 'ஒரு மாதிரி பாக்குறாக' காணாமலே போகும். தமிழிலேயே குறியீடு செய்து, அட்டவணையில் ஏறுகிற பத்துப் பதினைந்து துண்டுகளை மட்டும் கடைசியில் மொழிபெயருங்கள். மொழிபெயர்ப்புக்கு மேலே அந்தப் பெண் சொன்ன தமிழ் வரியையும் அச்சிடுங்கள். கூடுதலாக இரண்டு பக்கம்தான் ஆகும்.